தீபாவளி அன்பளிப்புப் பெட்டி 2026: 192 பெட்டிக்கான பொருள் கணக்கும் பேக்கிங் சரிபார்ப்புப் பட்டியலும்

தயாரித்தது: ஸ்டோர், திருப்பூர் யூனிட்
யாருக்கு: கொள்முதல், செக்கிங், பேக்கிங், கேன்டீன், செக்யூரிட்டி
தீபாவளி: நவம்பர் 8, ஞாயிறு

எத்தனை பெட்டி

சம்பளப் பட்டியலில் 171 பேர். ஒப்பந்தத்தில் உள்ள துப்புரவு, காவல் பணியாளர்கள் 9 பேர். டிரைவர், கேன்டீன் ஆட்கள் 6 பேர். ஆக 186. கூடுதலாக 6 பெட்டி. மொத்தம் 192, அதாவது 24 வீதம் 8 தொகுதி. கூடுதல் ஆறும் அக்டோபர் 20-க்குப் பிறகு வேலைக்குச் சேருபவர்களுக்கும், நசுங்கிப்போன பெட்டிக்கு மாற்றாகவும் மட்டும். பார்க்க வரும் பையர், ஏஜென்ட் யாருக்கும் இதிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கான ஸ்வீட்டை ஆபீஸ் தனியாக வாங்கிக்கொள்ளும்.

எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலத்தான். மேனேஜருக்கு ஒரு பெட்டி, ஹெல்பருக்கு ஒரு பெட்டி என்று இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வேறு இனிப்பு வைக்கலாமே என்று இரண்டு செக்‌ஷனில் கேட்டார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஒரு பொருள் மாறினாலே எண்ணிக்கையும் எடையும் குழம்பி, யாருக்கு எது என்று பெயர் ஒட்ட வேண்டி வரும். வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொள்ளட்டும்.

பொருள் கணக்கு

விலை எல்லாம் வரி சேர்த்தது. அன்பளிப்பாகக் கொடுக்கும் பொருளுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அதனால் வரியைக் கழித்துக் காட்டவில்லை.

| எண் | பொருள் | ஒரு பெட்டிக்கு | 192-க்குத் தேவை | வாங்குவது | மிச்சம் | தொகை ₹ |
|---|---|---|---|---|---|---|
| 1 | மூடியுடன் அட்டைப்பெட்டி | 1 | 192 | 25 கட்டு × 8 = 200 | 8 | 8,400 |
| 2 | நெய் மைசூர்பா, அரை கிலோ | 1 | 192 | 196 (98 கிலோ) | 4 | 58,800 |
| 3 | மிக்சர், 250 கிராம் | 1 | 192 | 196 (49 கிலோ) | 4 | 19,600 |
| 4 | முந்திரி, 100 கிராம் | 1 | 192 | 50 × 4 = 200 | 8 | 23,000 |
| 5 | உலர் திராட்சை, 100 கிராம் | 1 | 192 | 50 × 4 = 200 | 8 | 9,600 |
| 6 | நல்லெண்ணெய், 200 மி.லி. பாட்டில் | 1 | 192 | 40 × 5 = 200 | 8 | 18,000 |
| 7 | சீயக்காய்த் தூள், 40 கிராம் | 2 | 384 | 50 × 8 = 400 | 16 | 3,600 |
| 8 | தீபாவளி லேகியம், 50 கிராம் டப்பி | 1 | 192 | 24 × 8 + உதிரி 4 = 196 | 4 | 10,780 |
| 9 | எவர்சில்வர் டப்பா (பெரியது 1, சிறியது 1) | 1 செட் | 192 செட் | 16 டஜன் செட் | 0 | 35,520 |
| 10 | சென்னிமலைத் துண்டு | 1 | 192 | 10 × 20 = 200 | 8 | 22,000 |
| 11 | வாழ்த்து அட்டை | 1 | 192 | 200 | 8 | 1,200 |
| 12 | டிஷ்யூ பேப்பர் | 2 தாள் | 384 | 1 ரீம் (500) | 116 | 1,200 |
| 13 | சாட்டின் ரிப்பன் | 1.75 மீட்டர் | 192 துண்டு | 20 மீட்டர் ரோல் × 18 | 6 துண்டு | 810 |
| 14 | பேக்கிங் டேப் | 1.2 மீட்டர் | 230 மீட்டர் | 65 மீட்டர் ரோல் × 4 | 30 மீட்டர் | 200 |
| 15 | மஞ்சள் துணிப்பை | 1 | 192 | 50 × 4 = 200 | 8 | 7,600 |
| 16 | பாலிபேக் (எண்ணெய் பாட்டிலுக்கு) | 1 | 192 | நம் பேக்கிங் இருப்பிலிருந்து 200 | 8 | 0 |
| | மொத்தம் | | | | | 2,20,310 |

ஒரு பெட்டிக்கு ₹1,147 விழுகிறது.

ரிப்பனில் மட்டும் கொள்முதல் கவனிக்க வேண்டும். 1.75 மீட்டர் × 192 = 336 மீட்டர், அதை 20-ஆல் வகுத்தால் 17 ரோல் போதும்போலத் தெரியும். போதாது. ஒரு ரோலில் முழுத்துண்டு 11-தான் வரும், முக்கால் மீட்டர் கழிவு. 17 ரோல் வாங்கினால் 187 துண்டு கிடைத்து, கடைசி 5 பெட்டி மொட்டையாக நிற்கும். 18 ரோல்தான்.

டப்பா செட்டுக்கு மிச்சமே வைக்கவில்லை. பாத்திரம் கெட்டுப்போகாது, சப்பை விழுந்தால் கடைக்காரர் மாற்றித் தருவார். இன்னொரு டஜன் வாங்கினால் ₹2,220 வீணாக ஸ்டோரில் கிடக்கும். லேகியம் பெட்டிக் கணக்கில் சரியாக 192 வருகிறது. டப்பி உடைந்தால் மாற்று வேண்டுமே என்று கேட்டதற்கு, நாட்டு மருந்துக் கடையில் உதிரியாக 4 தர ஒப்புக்கொண்டார்கள். ஒன்பதாவது பெட்டி வாங்க வேண்டாம்.

பெட்டிக்குள் வராதவை

பட்டாசு வராது. பனியன் துணியும் நூலும் இருக்கும் கட்டடத்துக்குள் ஒரு கம்பி மத்தாப்புகூட வைக்க முடியாது. ஊருக்கு ரயிலில் போகிறவர்கள் அதை எடுத்துப்போகவும் கூடாது, ரயில்வே சட்டப்படி குற்றம். டி-ஷர்ட் வராது, சைஸ் பார்த்துக் கொடுக்க வேண்டியது என்பதால் அதைத் தனியே கையெழுத்து வாங்கிக் கொடுப்போம். முறுக்கு நொறுங்கும். அகல் விளக்கு வைக்கலாம் என்ற யோசனைக்கு: அது கார்த்திகைக்கு, இப்போது எண்ணெய்க் குளியலுக்கு உள்ளதை வைப்போம். குங்குமம், சாமி படம் எதுவும் வேண்டாம். எல்லா மதத்துக்காரர்களும் நம்மிடம் வேலை செய்கிறார்கள். வாழ்த்து அட்டையில் தமிழும் இந்தியும் இருக்கும்.

எப்போது

ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்களில் 44 பேர் அக்டோபர் 30, 31 தேதிகளில் ரயில் ஏறுகிறார்கள். பீகார்க்காரர்கள் சத் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள். அதனால் பேக்கிங் இரண்டு தவணை.

☐ அக்டோபர் 20, செவ்வாய்: பெட்டி, டப்பா, துண்டு, துணிப்பை, ரிப்பன், டேப், டிஷ்யூ, அட்டை ஸ்டோருக்கு வந்திருக்க வேண்டும்.
☐ அக்டோபர் 26, திங்கள்: முந்திரி, திராட்சை, எண்ணெய், சீயக்காய், லேகியம்.
☐ அக்டோபர் 29, வியாழன் காலை: மைசூர்பா 49 பெட்டி (24.5 கிலோ), மிக்சர் 49 பாக்கெட். தொகுதி 1, 2 பேக்கிங். 48 பெட்டி.
☐ அன்று மாலை: ஊருக்குப் போகும் 44 பேருக்கு வழங்கல். மீதி 4 பெட்டி ஸ்டோர் பூட்டில்.
☐ நவம்பர் 4, புதன் காலை: மைசூர்பா 147 பெட்டி (73.5 கிலோ), மிக்சர் 147 பாக்கெட். தொகுதி 3 முதல் 8 வரை. 144 பெட்டி.
☐ நவம்பர் 5, வியாழன் மாலை 4 மணி: 142 பேருக்கு வழங்கல். 144 + 4 – 142 = 6. கூடுதல் பெட்டி ஆறும் கையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பதிவேட்டை அன்றைக்கே பார்க்க வேண்டும்.

சரக்கு வரும்போது

☐ எண்ணித்தான் இறக்க வேண்டும். பில்லில் 200 என்று இருப்பது சரக்கு 200 இருப்பதற்குச் சாட்சி அல்ல.
☐ மைசூர்பா, மிக்சர் பெட்டியில் தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், 14 இலக்க உணவு உரிம எண் மூன்றும் இருக்கிறதா. தேதி முந்தின நாளுக்கும் முன்னால் இருந்தால் இறக்க வேண்டாம்.
☐ மைசூர்பா ஐந்து பெட்டியைத் தராசில் வைத்துப் பார்க்கவும். அட்டையோடு 560 கிராம் வர வேண்டும். 500-தான் காட்டுகிறது என்றால் அட்டையையும் சேர்த்து நிறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.
☐ எண்ணெய் பாட்டில் ஒவ்வொன்றையும் தலைகீழாக ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கவும். கசியும் பாட்டிலைத் தனியே எடுத்துவிடவும். 8-க்கு மேல் கசிந்தால் உடனே கடைக்குப் போன் செய்யவும், பேக்கிங் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.
☐ டப்பா: சிறியது பெரியதற்குள் மூடியோடு இறங்குகிறதா.

மேசைக்கு வழங்குதல்

இதை மட்டும் யாரும் சுருக்கப் பார்க்கக் கூடாது. மூட்டையைப் பிரித்து மேசையில் கொட்டி, அவரவர் எடுத்துப் போடுவது இல்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஸ்டோரிலிருந்து எண்ணியே கொடுப்போம்: எல்லாப் பொருளும் 24, சீயக்காய் 48, டிஷ்யூ 48, டப்பா 2 டஜன் செட். 24 பெட்டி முடிந்ததும் மேசை காலியாக இருக்க வேண்டும். ஒரு முந்திரிப் பாக்கெட் மிஞ்சினால் அந்த 24-இல் ஏதோ ஒரு பெட்டியில் முந்திரி இல்லை. குறைந்தால் ஏதோ ஒன்றில் இரண்டு விழுந்திருக்கிறது. அந்தத் தொகுதியைத் திறந்து கண்டுபிடித்த பிறகே அடுத்த தொகுதிக்குச் சரக்கு தருவோம். ஸ்டோரில் வந்து "அண்ணா, ஒண்ணு குறையுது, ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் தரமாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதற்காகவே ரிப்பன் மேசையில் ஒட்டவில்லை. தொகுதி சரியாக முடிந்த பிறகுதான் ரிப்பன்.

அடுக்கும் முறை (செக்கிங் மேசை, 6 பேர்)

முதல் ஆள்: பெட்டியை மடித்து, அடியில் டிஷ்யூ 1.

இரண்டாம் ஆள்: சிறிய டப்பாவுக்குள் லேகியம், மூடி. அதைப் பெரிய டப்பாவுக்குள் வைத்து, பக்கத்து இடைவெளியில் சீயக்காய் 2. சீயக்காய் வாசனை மைசூர்பாவில் ஏறாமலிருக்கத்தான் டப்பாவுக்குள் போடுகிறோம். பெரிய டப்பாவை மூடாமல் அடுத்த ஆளுக்குத் தள்ளவும்.

மூன்றாம் ஆள்: டப்பாவுக்குள் மூன்றையும் பார்த்த பிறகு மூடி, பெட்டியின் இடது மூலையில் வைக்கவும். எண்ணெய் பாட்டிலைப் பாலிபேக்கில் போட்டு வலது மூலையில் நிமிர்த்தி, நடுவில் துண்டை மடித்துச் செருகவும். பாட்டில் ஆடாது.

நான்காம் ஆள்: மைசூர்பா படுக்கையாக. அதன் மேல் முந்திரி, திராட்சை பக்கம் பக்கமாக. மிக்சர் எல்லாவற்றுக்கும் மேலே, கீழே போனால் தூளாகும்.

ஐந்தாம் ஆள் (செக்கிங் செக்‌ஷனின் மூத்த அக்கா ஒருவர்): மேலே டிஷ்யூ, வாழ்த்து அட்டை வைக்குமுன் கண்ணால் எண்ண வேண்டும். மைசூர்பா 1, மிக்சர் 1, முந்திரி 1, திராட்சை 1, எண்ணெய் 1, துண்டு 1, டப்பா 2, உள்ளே லேகியம் 1, சீயக்காய் 2. அட்டையோடு 12 உருப்படி. டப்பாவைத் திறந்து பார்க்கத் தேவையில்லை, ஆட்டிப் பார்த்தால் லேகிய டப்பி சத்தம் கேட்கும்.

ஆறாம் ஆள்: மூடி, டேப், தராசு. சரியான எடை 2 கிலோ 80 கிராம். 30 கிராம் முன்னே பின்னே இருக்கலாம். அதைத் தாண்டினால் திறக்கவும். தராசு எல்லாவற்றையும் பிடிக்காது. வாழ்த்து அட்டை 10 கிராம்தான், விடுபட்டாலும் முள் காட்டாது. சீயக்காய் ஒன்று குறைந்தால் துண்டின் எடை வித்தியாசத்தில் மறைந்துவிடலாம். ஆகவே ஐந்தாம் ஆளின் எண்ணிக்கைதான் கணக்கு.

☐ ஒவ்வொரு தொகுதியின் முதல் பெட்டியையும் ஸ்டோர் பொறுப்பாளர் திறந்து மாதிரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மாதிரிப் பெட்டி மேசைத் தலைமாட்டில் திறந்தே இருக்கும். அதிலிருந்து யாரும் எடுத்துச் சாப்பிட வேண்டாம், கடைசித் தொகுதியில் அதுவும் ஒன்று.
☐ தொகுதி எண்ணைப் பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதவும்.
☐ ஐந்து பெட்டிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. அயர்னிங் மேசைப் பக்கம் வைக்கவே கூடாது, நெய் உருகும்.

வழங்கலும் மிச்சமும்

☐ பெட்டியைத் துணிப்பையில் போட்டே கொடுக்கவும். டோக்கன் வாங்கிக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்து.
☐ நைட் ஷிப்ட் காவலர்களின் பெட்டியை கேட் அறையில் வைக்க வேண்டாம். ஷிப்ட் மாறும்போது கையில் கொடுக்கவும்.
☐ லீவில் இருப்பவர் சொன்னால் உறவினரிடம் கொடுக்கலாம், கையெழுத்து வாங்கியவர் பெயரையும் எழுதவும்.
☐ மிச்சமான முந்திரி 8, திராட்சை 8 பாக்கெட் கேன்டீனுக்கு, வெள்ளிக்கிழமைப் பாயசத்துக்கு. எண்ணெய், சீயக்காயும் கேன்டீன் ஆட்களுக்கே. உடையாத மைசூர்பா, மிக்சர் ஸ்டோரில் வைக்க வேண்டாம், அன்று மாலை டீயோடு பங்கிட்டுவிடவும். பெட்டி, துண்டு, துணிப்பை, டிஷ்யூ பொங்கலுக்கு ஸ்டோர் இருப்பில் ஏறும்.