பங்குனி உத்திரக் குலதெய்வ வழிபாட்டுக்காக ஒன்றரை நாள் விடுப்பு வேண்டி விண்ணப்பம்

பாளையங்கோட்டை,
12.01.2026.

அனுப்புநர்:
சு. இசக்கிமுத்து,
முதுநிலைக் கணக்கர், விற்பனைப் பட்டியல் பிரிவு.

பெறுநர்:
தலைமைக் கணக்கு அலுவலர் அவர்கள்,
கணக்குப் பிரிவு,
சிப்காட் தொழிற்பேட்டை, கங்கைகொண்டான்.

பொருள்: 01.04.2026 புதன்கிழமை முழு நாளும், 02.04.2026 வியாழக்கிழமை முற்பகலும் தற்செயல் விடுப்பு வேண்டுதல். இனி வரும் ஆண்டுகளிலும் இவ்வழிபாட்டு நாளை முன்கூட்டியே பணிப் பட்டியலில் குறித்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடும்பச் சாஸ்தா கோயிலில் பங்குனி உத்திரத்தன்று நடைபெறும் வழிபாட்டில் கலந்துகொள்வதற்காக மேற்கண்ட ஒன்றரை நாள் விடுப்பை அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுப்பு நாளுக்கு இன்னும் 79 நாட்கள் உள்ளன. ஒரு நாள், இரண்டு நாள் விடுப்புக்கு ஏழு நாட்களுக்கு முன் விண்ணப்பித்தால் போதும் என்று நம் நிறுவன விதி கூறும்போது இவ்வளவு முன்னதாக எழுதுவதற்குக் காரணம் உண்டு.

தாங்கள் கடந்த ஆகஸ்டில்தான் கோவையிலிருந்து இங்கு மாறுதலாகி வந்தீர்கள் என்பதால், இந்தப் பக்கத்து வழக்கத்தைச் சிறிது விளக்க வேண்டியுள்ளது. திருநெல்வேலிச் சீமையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அம்மனோ மாடனோ எது குலதெய்வமாக இருந்தாலும், அதற்கு மேல் ஒரு சாஸ்தா உண்டு. அந்தச் சாஸ்தாவைத் தேடிப் போகும் நாள் பங்குனி உத்திரம். சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப் போனவர்கள்கூட அன்று ஏதாவது ஒரு குளக்கரையிலோ, ஓடைக்கரையிலோ, தேரிக்காட்டிலோ உள்ள தங்கள் சாஸ்தாவின் முன் வந்து பொங்கலிடுவார்கள். திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா போன்ற வீட்டு விசேஷங்களுக்கு முகூர்த்தம் பார்த்து நாளை முன்பின் தள்ளிக்கொள்ளலாம். இதற்கு அந்த வசதி இல்லை. பங்குனி மாதத்தில் உத்திர நட்சத்திரம் கூடும் நாள் எதுவோ அதுவே நாள்.

ஆங்கிலத் தேதி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024இல் மார்ச் 25 திங்கட்கிழமையும், 2025இல் ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமையும் வந்தது. இவ்வாண்டு விசுவாவசு பங்குனி 18, அதாவது ஏப்ரல் 1 புதன்கிழமை வருகிறது. பங்குனி மாதம் மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிவதால், உத்திரம் எந்த ஆண்டிலும் அந்த ஒரு மாத இடைவெளிக்கு வெளியே போகாது. நம் பிரிவிலோ மார்ச் 15 முதல் ஏப்ரல் 10 வரை ஆண்டுக் கணக்கு முடிப்புப் பணிக்காக விடுப்பு இல்லை என்று பிப்ரவரி நடுவில் சுற்றறிக்கை வருவது வழக்கம். ஆகவே எங்கள் சாஸ்தாவும் நம் சுற்றறிக்கையும் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் தப்பித்தேன்.

2024இல் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பணியில் சேர்ந்த பின் வந்த முதல் உத்திரம் அது. பத்து நாட்களுக்கு முன், மார்ச் 15 அன்று, விண்ணப்பம் கொடுத்தேன். விதிப்படி அது காலம் தாழ்ந்ததன்று. ஆனால் அதற்குள் சுற்றறிக்கை வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, சரக்கு இருப்புக் கணக்கெடுப்புக்கான பணிப் பட்டியலும் ஒட்டப்பட்டிருந்தது. அன்றைய அலுவலர் பெரிய மனதுடன் முற்பகல் மட்டும் அனுமதித்தார். விடியற்காலையில் போய்ச் சாமி முகத்தைப் பார்த்துவிட்டு, உச்சிக்கால தீபாராதனைக்கு முன்பே கிளம்பி, இரண்டு மணிக்கு இங்கு வந்து அமர்ந்தேன். அன்று பிற்பகல் நான் போட்ட பட்டியல்களில் இரண்டு தவறாகி மறுநாள் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அங்கும் முழுதாக இல்லை, இங்கும் முழுதாக இல்லை. முன்பே கேட்டிருந்தால் மாற்று ஏற்பாடு செய்ய நேரம் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனவே விதி கூறும் ஏழு நாளை நான் கணக்கில் கொள்ளவில்லை. சுற்றறிக்கையும் பணிப் பட்டியலும் உருவாகும் முன்பே தங்கள் மேசைக்கு இது வர வேண்டும் என்பதையே கணக்கில் கொண்டேன்.

மற்ற ஆண்டுகளில் எனக்கு ஒரு நாள் போதும். இவ்வாண்டு கூடுதலாக அரை நாள் கேட்பது ஏனெனில், எங்கள் தாயாதிகளில் நான்கு வகையறாக்கள் உண்டு. கோயில் காரியத்தை முறை வைத்து நடத்துகிறோம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் எங்கள் முறை இவ்வாண்டு வந்துள்ளது. இதுவரை என் தந்தையார் முன்னின்று செய்தார்; 71 வயதில் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் அவரால் இயலாது. கோயில் ஏர்வாடிக்கு அருகில் உள்ளது. உத்திரத்தன்று அதிகாலை நாலரை மணிக்கு நம்பியாற்றுக்குப் போய், பித்தளைக் குடத்தில் நீர் முகந்து, வாயில் மாவிலை செருகி, செருப்பில்லாமல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுமந்து வர வேண்டும். பங்குனி வெயிலில் ஆறு வற்றியிருந்தால் மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும் வரை காத்திருந்து, சிரட்டையால் சிறிது சிறிதாக மொண்டு ஊற்றுவோம். குடம் நிறைய முக்கால் மணி நேரம் பிடிக்கும். முறைகாரர் கொண்டுவரும் அந்தக் குடம் வந்த பிறகே அபிஷேகம் தொடங்கும், முதல் அடுப்பும் அதற்குப் பிறகே பற்றும். 34 தலைக்கட்டுக் குடும்பங்கள் எனக்காகக் காத்திருப்பார்கள் என்பதால், நான் போகாமல் வேறொருவரை அனுப்பிச் சமாளிக்கும் காரியமாக இது இல்லை. மறுநாள் காலையில் பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்து, வரி வரவையும் செலவையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, மீதியை அடுத்த முறைகாரரிடம் கொடுக்க வேண்டும். கணக்கர் வேலை என்னை அங்கும் விடவில்லை. அதனால்தான் 2ஆம் தேதி முற்பகலையும் கேட்கிறேன். அன்று பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பணியில் இருப்பேன்.

என் விடுப்பால் ஆண்டுக் கணக்குப் பணி தடைபடுமா என்பதுதான் தங்கள் முன் உள்ள கேள்வி என்பதை அறிவேன். மார்ச் 31 அன்று நான் விடுப்புக் கேட்கவில்லை. அன்றிரவு சரக்கு இருப்புக் கணக்கெடுப்பு முடிந்து தாள்களில் கையொப்பமாகும் வரை இருந்துவிட்டே கிளம்புவேன். எங்கள் வேன் பாளையங்கோட்டையிலிருந்து நள்ளிரவுக்குப் பின்தான் புறப்படுகிறது. ஏப்ரல் 1 அன்று வங்கிகள் தங்கள் ஆண்டுக் கணக்கை முடிப்பதற்காகப் பொதுமக்கள் சேவைக்கு மூடியிருக்கும். மார்ச் மாதத்தில் பிடித்த வருமான வரியைச் செலுத்த ஏப்ரல் 30 வரையிலும், ஜிஎஸ்டி விற்பனை விவர அறிக்கைக்கு ஏப்ரல் 11 வரையிலும், வருங்கால வைப்பு நிதிக்கு ஏப்ரல் 15 வரையிலும் காலம் உண்டு. ஆகவே அன்று கெடு முடியும் வேலை எதுவும் என் மேசையில் இல்லை.

கவனம் வேண்டியது ஒன்றே ஒன்று: புதிய நிதியாண்டின் பட்டியல் எண். ஏப்ரல் 1 அன்று வெளியேறும் முதல் லாரிக்கான பட்டியல் புதிய வரிசையில் 1 என்ற எண்ணில் தொடங்க வேண்டும். பழைய ஆண்டின் முன்னொட்டோடு ஒரு பட்டியல் போய்விட்டால் இ-வே பில் உட்பட எல்லாவற்றையும் ரத்து செய்து மீண்டும் போட வேண்டிவரும். இதற்காக டேலியில் Restart Numbering, Prefix Details ஆகிய இரண்டு இடங்களிலும் 1-Apr-2026 முதல் பொருந்தும்படி மார்ச் 28 சனிக்கிழமையே பதிந்து, தங்களிடம் காட்டிவிடுகிறேன். மேலும், லாரி ஓட்டுநர்களில் பலரும் இந்த மாவட்டத்துக்காரர்கள். அவர்களும் அன்று தத்தம் சாஸ்தா கோயிலில்தான் இருப்பார்கள். இயன்றால் 1ஆம் தேதிக்குரிய சரக்கை 31 அல்லது 2ஆம் தேதிக்கு மாற்றிக்கொள்ளுமாறு அனுப்புகைப் பிரிவுக்கு இப்போதே சொல்லிவைப்பது நல்லது என்பது என் தாழ்மையான கருத்து.

அன்றைய பட்டியல் பணியை உதவிக் கணக்கர் திரு. ஜெபராஜ் பார்த்துக்கொள்ள இசைந்துள்ளார். அதற்கு ஈடாக, ஏப்ரல் 3 பெரிய வெள்ளியன்றும் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமையன்றும் கணக்கு முடிப்புக்காக யாரேனும் வர வேண்டியிருந்தால் நான் வருகிறேன். அவர் அவ்விரு நாட்களும் கோயில் ஆராதனைக்குப் போகலாம். இதைக் குறிப்பாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 1, 2 தேதிகளில் விடுப்பு, 3 விடுமுறை என்று பார்க்கும்போது நான் நீண்ட ஓய்வுக்கு வழி செய்துகொள்வதாகத் தோன்றக்கூடும். அப்படியில்லை. கோயில் அருகே கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், பிற்பகல் மூன்று மணிக்கு ஏர்வாடி வந்து நானே தங்களை அழைக்கிறேன்.

இனி வரும் ஆண்டுகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். டிசம்பரில் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி கைக்கு வந்தவுடன் உத்திரத் தேதி தெரிந்துவிடும். அத்தேதியைக் குறிப்பிட்டு ஒவ்வோர் ஜனவரியிலும் முதல் வாரத்தில் ஒரு நாள் விடுப்புக்கு விண்ணப்பித்துவிடுகிறேன்; பிப்ரவரிச் சுற்றறிக்கைக்கு முன் அது பணிப் பட்டியலில் ஏறிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. இதே நாளில் விடுப்பு வேண்டுவோர் நம் பிரிவில் என்னைத் தவிர மூவராவது இருப்பார்கள். எல்லோரையும் ஜனவரியிலேயே கேட்கச் சொன்னால், யார் முழு நாள், யார் அரை நாள் என்று தாங்கள் பிரித்துக் கொடுக்க முடியும். முறை இல்லாத ஆண்டில் மற்றவர்களுக்காக நான் முற்பகலோடு நிறுத்திக்கொள்ளவும் தயாராக இருக்கிறேன். இவ்வாண்டு மட்டும் அது இயலாது.

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகையறாவினர் கூடி வரி எழுதி, வேனுக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்க இருக்கிறோம். அதற்கு வசதியாக, ஜனவரி 31ஆம் தேதிக்குள் தங்கள் முடிவை எழுத்தில் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும். இதில் ஏதேனும் மாற்றம் தேவையெனத் தாங்கள் கருதினால் நேரில் வந்து பேசக் காத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. இசக்கிமுத்து

மேற்கண்டபடி 01.04.2026 முழு நாளும் 02.04.2026 முற்பகலும் பட்டியல் பணியைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்மதம். ஏப்ரல் 3, 4 தேதிகளில் எனக்குப் பதிலாகத் திரு. இசக்கிமுத்து வருவார்.
ஜெபராஜ், உதவிக் கணக்கர், 12.01.2026.