கடைசி நாள் வீடியோ: டீமுக்கு

ரெக்கார்ட் ஆகிறதா? சிவப்புப் புள்ளி தெரிகிறது. சரி.

எல்லோருக்கும் வணக்கம். நேரில் பேசத்தான் நினைத்தேன். ஆனால் மூன்று பேர் வீட்டிலிருந்து வேலை, இரண்டு பேர் லீவு. அது வெளியில் சொல்கிற காரணம். நேரில் நின்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதுதான் நிஜம். இதுவே மூன்றாவது டேக். முதல் இரண்டையும் அழித்துவிட்டேன், ஏதோ விருது வாங்கினவன் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷம், அதில் நாலு வருஷம் லீட். "எல்லோருக்கும் நன்றி" என்று மொத்தமாகச் சொன்னால் யாருக்கும் ஒட்டாது. அதனால் நடந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளிக்கிழமை. திரையில் போடுகிறேன், பாருங்கள்.

```sql
UPDATE orders SET status = 'cancelled';
```

சிரிக்காதீர்கள். ஒரே ஒரு வாடிக்கையாளரின் ஆர்டரை ரத்து செய்யப் போனேன். WHERE வரியைச் சேர்த்து செலக்ட் செய்யாமல் ரன் கொடுத்துவிட்டேன். லைவ் டேட்டாபேஸில் அத்தனை ஆர்டரும் ரத்து. மணி மாலை 5:47. எனக்குக் கை நடுங்கியது. சங்கரி அக்காவுக்கு போன் செய்தேன். "ஏன் செய்தாய்" என்று கேட்கவே இல்லை. "இனி எதையும் தொடாதே. எண்டர் தட்டின நேரத்தை மட்டும் சொல்" என்றார். முந்தின ராத்திரி பேக்கப்பைத் தனி சர்வரில் ஏற்றி, பைனரி லாக்கை 5:47-க்கு முன்பு வரை ஓடவிட்டு, அங்கிருந்து ஸ்டேட்டஸை மட்டும் எடுத்து லைவில் திருப்பிப் போட்டோம். "போட்டோம்" என்கிறேன், போட்டது அக்கா. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை சரிபார்த்தேன். அவ்வளவு நேரமும் சப்போர்ட் டீமின் அழைப்புகளைத் தனியாளாகத் தாங்கியது கார்த்திக். முடியும்போது ராத்திரி ஒன்றரை.

மறுவாரம் அக்கா எழுதின அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. "லைவ் டேட்டாபேஸில் தேவைக்கு மேல் பலருக்கும் எழுதும் அனுமதி இருந்தது" என்று இருந்தது. அக்கா, அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் லீட் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

திங்கட்கிழமை என் மானிட்டரில் "WHERE எங்கே?" என்று எழுதி ஒட்டியது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இதோ, அந்தச் சீட்டு. ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. கொண்டுபோகிறேன்.

அடுத்து ரஃபீக். எல்லோரும் பெயர் கட்டத்தில் பெயரைப் போட்டு டெஸ்ட் செய்வார்கள். இவன் சிரிக்கிற எமோஜி போட்டான், பக்கம் விழுந்தது. "பெயரில் யாருடா எமோஜி போடுவான்" என்று டிக்கெட்டை மூடினேன். அவன் திறந்தான். மூடினேன். மறுபடி திறந்தான். மறுபடி மூடினேன். ரிலீஸ் ஆன இரண்டாம் நாளே ஒரு வாடிக்கையாளர் எமோஜி போட்டார். MySQL-இல் நாங்கள் வைத்திருந்த `utf8` ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் தாங்காது, பெரும்பாலான எமோஜிக்கு நான்கு வேண்டும். `utf8mb4`-க்கு மாற்ற ஒரு முழு வாரம் போனது. ரஃபீக் "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிக்கெட்டை மட்டும் மூன்றாவது முறை திறந்தான். அது அதைவிட வலித்தது.

நிவேதா, உன்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். உன் முதல் புல் ரிக்வெஸ்டில் 43 கமெண்ட் போட்டேன். பாதிக்கு மேல் இடைவெளி, பெயரிடல் என்று என் சொந்த ருசி. அன்று மதியம் நீ சாப்பிட வரவில்லை என்று பிறகு கார்த்திக் சொல்லித்தான் தெரியும். போன மாதம் என் கோடில் நீ ஒரே ஒரு கமெண்ட் போட்டிருந்தாய்: "இது இரண்டு முறை ஓடினால் பணம் இரண்டு முறை கழியுமே?" கழிந்திருக்கும். என் 43-ஐவிட அந்த ஒன்று பெரியது. திங்கட்கிழமையிலிருந்து ஆன்-கால் போன் உன்னிடம். அதிகாலை மூன்று மணிக்கு அடித்தால் முதலில் டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பார். பெரும்பாலும் அதுதான்.

மேனேஜர் சார், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் ஒரு மெயில்கூட எனக்கு வராமல் பார்த்துக்கொண்டீர்கள். திரும்பி வந்து இன்பாக்ஸைத் திறந்தபோதுதான் புரிந்தது. அதற்கு நன்றி என்ற சொல் போதாது, வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

சரி, லேப்டாப்பை நாலு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். என் தனி நம்பர் எல்லோரிடமும் இருக்கிறது, கூப்பிடுங்கள்.

ரஃபீக், இந்த வீடியோவில் ஏதாவது பிழை இருந்தால் டிக்கெட் போட்டுக்கொள். இந்தத் தடவை என்னால் மூட முடியாது.