வியாழக்கிழமை நேர்காணல்: டெஸ்ட் லீட் பணி குறித்து

வணக்கம் கவிதா மேடம்,

சிறுசேரி அலுவலகத்தின் டெஸ்ட் லீட் பணிக்கு என்னை நினைவில் வைத்து, வரும் வியாழக்கிழமை காலை 11 மணி நேர்காணலுக்கு அழைத்ததற்கு மிக்க நன்றி. பணி விவரத்தை நிதானமாகப் படித்தேன். சம்பளம், நோட்டீஸ் பீரியட் பற்றி நீங்கள் போனில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னதும் உதவியாக இருந்தது.

யோசித்துப் பார்த்ததில், இந்த நேர்காணலுக்கு வர வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வேலையில் பெரும்பகுதி மேனுவல் டெஸ்டிங் குழுவை நடத்துவதும் வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் தயாரிப்பதும்தான். நானோ அடுத்த சில வருடங்கள் கோடிங்கை விடாமல் பைத்தான் ஆட்டோமேஷன், ஏபிஐ டெஸ்டிங் பக்கம் ஆழமாகப் போக விரும்புகிறேன். சம்பளத்துக்காக மட்டும் சேர்ந்து, ஆறு மாதத்தில் விலகினால் அது உங்களுக்கும் நியாயமாக இருக்காது. அந்த நேரத்தை வேறொருவருக்கு ஒதுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

சென்னையிலோ கோவையிலோ ஆட்டோமேஷன் வேலை ஏதாவது வந்தால் அவசியம் கூப்பிடுங்கள். மாலை 6 மணிக்கு மேல் என்றால் நிதானமாகப் பேசலாம்.

அப்புறம், என்னுடன் முன்பு வேலை பார்த்த ஒருவர் லீட் பணி தேடிக்கொண்டிருக்கிறார். உங்களுக்குச் சரி என்றால், அவரிடம் கேட்டுவிட்டு ரெஸ்யூமே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
செந்தில்குமார்