தம்பலகாமம் உவர்நெல் ஜீனோம் திட்டம்: எத்தனை மடங்கு ஆழம் வாங்குவது?

குழுவில் உள்ள எல்லோருக்கும்,

டிஎன்ஏயை வாசித்துத் தரும் நிறுவனத்தின் விலைப்பட்டியல் வந்துவிட்டது. ஒரு மாதிரிக்கு லைப்ரரி, அதாவது வாசிக்கத் தயாராக்கிய டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பு, தயாரிக்க 45 டொலர், அதற்கு மேல் ஒவ்வொரு கிகாபேஸ் தரவுக்கும், அதாவது நூறு கோடி காரத்துக்கும், 6 டொலர். ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்துத்தான் எல்லாக் கணக்கும் போட்டிருக்கிறேன். போன கூட்டத்தில் "30 மடங்கு ஆழம் இல்லாவிட்டால் நடுவர்கள் கேள்வி கேட்பார்கள்" என்ற பேச்சு வந்தது. ஆழம் என்பது ஜீனோமின் ஒரு காரத்தைச் சராசரியாக எத்தனை முறை வாசிக்கிறோம் என்பது. அப்போது நானும் தலையாட்டினேன். இப்போது கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் இல்லை.

நெல்லின் மேற்கோள் ஜீனோம், அதாவது ஜப்பானிய ரகமான நிப்பொன்பாரேயின் வரிசை, ஏறத்தாழ 37 கோடியே 30 லட்சம் காரங்கள் கொண்டது. நாம் வாங்குவது இரு முனையும் 150 காரம் வாசிக்கும் தரவு. மாதிரிக்கு 7.5 கிகாபேஸ் எடுத்தால் 2.5 கோடி சோடி, அதாவது 5 கோடி வாசிப்புகள். கீழே C ஆழம், N வாசிப்புகளின் எண்ணிக்கை, L ஒரு வாசிப்பின் நீளம், G ஜீனோமின் நீளம்.

```
C = N × L / G
C = 50,000,000 × 150 / 373,000,000 = 20.1
```

20 மடங்கு என்று தாளில் வரும். கையில் கிடைப்பது அவ்வளவு இல்லை. முனைகளைச் சீவும்போது 4 சதவீதம் போகும். ஒரே துண்டைத் திரும்ப வாசித்த பிசிஆர் நகல்கள் என்று 10 சதவீதம் கழியும். பச்சையவுருமணிக்கும் இழைமணிக்கும் போவது, எங்குமே பொருந்தாமல் நிற்பது எல்லாம் சேர்ந்து 12 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். 0.96 × 0.90 × 0.88 பெருக்கினால் 0.76. ஆக, வாங்கும் 20 மடங்கில் உண்மையாக உட்கருவில் போய் உட்காருவது 15 மடங்குதான். இனி இந்தக் கடிதத்தில் "ஆழம்" என்று எழுதும் இடமெல்லாம் இந்தக் கழிவுக்குப் பிந்திய எண்ணைத்தான் சொல்கிறேன். இரண்டையும் கலந்து பேசியதால்தான் போன கூட்டத்தில் அரை மணி நேரம் வீணானது.

சரி, 15 போதுமா? ஒரு காரத்தை ஒரு வாசிப்பாவது தொட்டதா என்று மட்டும் பார்த்தால் 10 மடங்கே தாராளம். ஆனால் ஒரு வாசிப்பை நம்பி ஓர் இடத்தை மாறுபாடு என்று எழுத முடியாது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர், அதனால் ஒரே செடியின் இரு பிரதிகளும் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். மனித ஜீனோம் போல இரண்டு பிரதிகளையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டிய பாடு இல்லை. ஓர் இடத்தில் 5 வாசிப்பு இருந்தால் நம்பலாம் என்று எல்லை வைப்போம். 5க்குக் குறைவாக விழும் இடங்கள் எத்தனை என்பதை போய்சான் பரவலை வைத்துப் பார்க்கலாம்:

```
from math import exp, factorial
def kurai(c, k=5):
    return sum(exp(-c)*c**i/factorial(i) for i in range(k))
for c in (10, 15, 20, 30):
    print(c, kurai(c)*373e6)
```

10 மடங்கில் ஒரு கோடியே 9 லட்சம் காரங்கள் எல்லைக்குக் கீழே நிற்கின்றன. 15இல் அது ஏறத்தாழ 3 லட்சத்து 20 ஆயிரம், அதாவது முழு ஜீனோமில் 0.1 சதவீதம்கூட இல்லை. 20இல் 6,300. 30இல் ஒன்றோ இரண்டோ. உண்மையான தரவு போய்சானைவிடப் பரந்துதான் விழும், ஜி, சி காரங்கள் கூடிய துண்டுகள் எப்போதும் மெலிந்தே வரும். அதனால்தான் 10ஐயும் 12ஐயும் விட்டு 15இல் நிற்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க: 2014இல் வெளியான 3,000 நெல் ஜீனோம் தரவின் சராசரி ஆழம் 14 மடங்கு.

இப்போது காசு. 24 மாதிரிக்கும் 15 மடங்கு என்றால், மாதிரிக்கு 45 + 45 = 90 டொலர், மொத்தம் 2,160. தரவை இரட்டிப்பாக்கி 15 கிகாபேஸ் வாங்கினால் மாதிரிக்கு 135, மொத்தம் 3,240. வித்தியாசம் 1,080 டொலர், நம் காசில் 3 லட்சத்து 24 ஆயிரம். அதைக் கொடுத்தாலும் 30 மடங்கு கைக்கு வராது. அதே லைப்ரரியை இரண்டு பங்கு வாசித்தால் நகல்களும் கிட்டத்தட்ட இரண்டு பங்காகும். 10 சதவீதம் 19 ஆகும் என்று வைத்தால் நமக்குக் கிடைப்பது 27 மடங்கு. ஆழம் கூடக் கூட மேலதிகமாகக் கிடைக்கும் ஒவ்வொரு மடங்கின் விலையும் ஏறிக்கொண்டே போகும்.

அதே 1,080 டொலருக்கு இன்னும் 12 செடிகளை 15 மடங்கில் வாசிக்கலாம். குடாவை ஒட்டிய வயலில் 12, கந்தளாய் வாய்க்கால் பாயும் மேட்டு வயலில் 12 என்றுதான் இதுவரை திட்டம். மூதூர்ப் பக்கம் 12 சேர்த்தால் உவர் தாங்கும் குணத்தை இரண்டு இடங்களுக்கு எதிராக வைத்துப் பார்க்கலாம். விவசாயியின் விதைநெல் ஒரே வரிசை அல்ல, பல வரிசைகளின் கலவை. தம்பலகாமத்தில் ஐயா ஒருவர் சாக்கைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினாரே, அதிலேயே மூன்று நிற உமி கிடந்தது. அந்தக் கலவையை ஒரு செடியை ஆழமாக வாசித்துப் பிடிக்க முடியாது, பல செடிகளை வாசிக்க வேண்டும்.

ஆழம் தீர்க்காத இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளம் தாங்க உதவும் சப்1ஏ மரபணு நிப்பொன்பாரேயில் கிடையாது. அப்படி மேற்கோளிலேயே இல்லாத மரபணு நம் நெல்லில் இருந்தால், 100 மடங்கு வாசித்தாலும் அந்த வாசிப்புகள் பொருந்த இடமில்லாமல் கழிவுக்கூடைக்குத்தான் போகும். அதற்கு ஒரு செடியையாவது நீள்வாசிப்பில் புதிதாகக் கோக்க வேண்டும். அது அடுத்த நிதியில். உவர் தாங்குவதற்குப் பெயர்போன சால்டோல் பகுதி முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. அங்குள்ள சோடியம் கடத்தும் மரபணுவைப் பார்க்க 15 மடங்கு தாராளம்.

ஒரு பயம் மட்டும் நியாயமானது. பல மாதிரிகளைக் கலந்து ஓட்டும்போது எல்லாருக்கும் சமமாகப் பங்கு வராது, சிலதற்கு எழுபது சதவீதம்தான் விழும். அதற்காக 30 கிகாபேஸ், 180 டொலர், தனியே ஒதுக்கியிருக்கிறேன். 12 மடங்குக்குக் கீழே வந்த மாதிரிகளுக்கு மட்டும் அதே லைப்ரரியில் மேலதிகமாக ஓட்டச் சொல்லலாம். மிச்ச லைப்ரரியை ஆறு மாதம் உறைநிலையில் வைத்திருக்க நிறுவனம் எழுத்தில் ஒத்துக்கொண்ட பிறகுதான் முன்பணம் அனுப்புவோம்.

ஆக 36 மாதிரி, 3,240 டொலர், ஒதுக்கு 180, பொதி அனுப்ப 200. மொத்தம் 3,620 டொலர், பத்து லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய். தரவை இறக்க நம் இணைப்பில் பல இரவுகள் போகும், மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் வழியில்தான் இறக்க வேண்டும், வெளிவட்டு இரண்டு வேண்டும்.

வயல் பார்க்கும் தம்பிமாருக்கு ஒரு வேலை: மூதூரில் விதைநெல் தர ஒத்துக்கொள்ளும் மூன்று வீடுகளை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டு வையுங்கள். நாற்றை அறுக்கும் முன் மூன்று நாள் இருட்டில் வைத்தால் பச்சையவுருமணிக் கழிவு ஓரளவு குறையலாம்; கொட்டகையில் கறுப்புத் துணி போதும். நாற்றுத் தட்டின் ஒரு குழியில் ஒரு விதைக்கு மேல் போடாதீர்கள், போனமுறை இரண்டு செடியின் இலை ஒரே குழாயில் போய்விட்டது.