கணக்கப்பிள்ளை வீடும் வி.ஏ.ஓ. ஆபீஸும்: வெபர் சொன்ன மூவகை அதிகாரம்

(அரசறிவியல் முதலாண்டு வகுப்புக்கான குறிப்பு)

நிலம் சம்பந்தமாக ஏதாவது வேலை என்றால் எங்கள் அப்பத்தா "கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார். ஆபீஸுக்கு என்று சொன்னதே இல்லை. ஊர்க் கணக்கு அந்த வீட்டு மரப்பெட்டிக்குள் இருந்தது. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா கணக்கு எழுதினார், அதற்கும் முன்னால் தாத்தா. 1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம், மணியம் போன்ற பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்குப் பரீட்சை எழுதித் தேறிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தவர் வேறு மாவட்டத்து இளைஞர். "ஊரு பேரு தெரியாத பையன் கையெழுத்து நம்ம நிலத்துக்குச் செல்லுமா?" என்று அப்பத்தா கேட்டார். ஜெர்மானியச் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் (1864–1920) யோசித்த கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். ஒருவர் சொல்வது ஏன் செல்லுகிறது?

கத்தியைக் காட்டிப் பர்ஸைக் கேட்கிறவனிடமும் கொடுக்கிறோம், ரயிலில் அபராதச் சீட்டை நீட்டுகிற டிக்கெட் பரிசோதகரிடமும் கொடுக்கிறோம். முதலாவது வெறும் பலம். இரண்டாவதில், புலம்பிக்கொண்டே கொடுத்தாலும், கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று மனதுக்குள் ஒப்புக்கொள்கிறோம். பலத்தோடு இந்த ஒப்புதலும் சேர்ந்தால்தான் வெபர் சொல்லும் அதிகாரம். அந்த ஒப்புதலுக்குப் பெயர் லெஜிடிமசி. சில பாடநூல்கள் இதைச் 'சட்டபூர்வத்தன்மை' என்று மொழிபெயர்க்கின்றன, அங்கேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. சட்டம் என்பது ஒப்புதல் வரும் மூன்று வழிகளில் ஒன்று மட்டுமே. அதனால் இந்தக் குறிப்பில் 'ஏற்புடைமை' என்றே எழுதுகிறேன்.

முதல் வழி மரபு. எப்போதும் இப்படித்தான் இருந்தது, அதனால் இப்போதும் இப்படித்தான். கணக்கப்பிள்ளை சொன்னது செல்லுபடியானது இந்த வகையில்தான். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். காரணம் யாரும் சொல்ல மாட்டார்கள், "வழக்கம்" என்பார்கள். ஆனால் மரபு என்பது தலைவர் இஷ்டத்துக்கு ஆடும் ஆட்டம் அல்ல. எந்த வழக்கம் அவரைத் தூக்கி உட்கார வைத்ததோ, அதே வழக்கம் அவர் கையையும் கட்டுகிறது. திருவிழாத் தேதியை அவர் நினைத்தபடி மாற்றினால் ஊர் சும்மா இருக்காது.

இரண்டாவது, கரிஸ்மா. பலரும் இதைக் 'கவர்ச்சி' என்று எழுதுகிறீர்கள். தமிழில் அந்தச் சொல் சினிமாப் பத்திரிகை பக்கம் போய்விட்டது, அதனால் விடைத்தாளில் 'அழகான தலைவர்களின் அதிகாரம்' என்றெல்லாம் படிக்க நேர்கிறது. கரிஸ்மா என்பது கிரேக்கச் சொல், அருள்கொடை என்று பொருள். கிறிஸ்தவ மத எழுத்துகளில் புழங்கிய அந்தச் சொல்லை வெபர் அரசியலுக்குக் கொண்டுவந்தார். இந்த மனிதரிடம் சாதாரண ஆட்களிடம் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று பின்தொடர்பவர்கள் நம்ப வேண்டும். உண்மையில் இருக்கிறதா, அவர் நல்லவரா என்பதெல்லாம் வேறு கேள்வி. ஹிட்லரையும் இந்த வகையில் வைத்துத்தான் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள்.

காந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடக்கத் தொடங்கியபோது அவர் கையில் எந்த அரசுப் பதவியும் இல்லை. காங்கிரஸ் தலைவராகவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இருந்தார், 1924-இல். 1934-இல் காங்கிரஸ் உறுப்பினர் பதவியைக்கூட விட்டுவிட்டார். அப்படியும் கட்சி அவரிடம் கேட்காமல் பெரிய முடிவு எடுக்கத் தயங்கியது. எந்த விதிப்புத்தகத்தில் தேடினாலும் இதற்குக் காரணம் கிடைக்காது.

கரிஸ்மாவின் பலவீனமும் அங்கேதான். அது ஆளோடு ஒட்டியது. ஆள் போனால்? 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்ததும் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தது. ஜானகி அம்மையார் 24 நாள் முதல்வராக இருந்தார், அப்புறம் குடியரசுத் தலைவர் ஆட்சி. 1989 தேர்தலில் ஓர் அணி சேவல் சின்னத்திலும் இன்னொன்று இரட்டைப் புறாச் சின்னத்திலும் நின்றன. இரட்டை இலையைத் தேர்தல் ஆணையம் முடக்கி வைத்திருந்தது. கவனியுங்கள், மனைவி என்ற உறவு ஒரு பக்கம், அரசியல் வாரிசு என்ற உரிமைக்குரல் மறுபக்கம். ஆனால் சின்னம் யாருக்கு என்ற வழக்கு போய் நின்றது ஒரு ஃபைலில். கரிஸ்மா இப்படி வாரிசாகவோ பதவியாகவோ விதியாகவோ உருமாறுவதை 'வழமையாதல்' என்கிறோம். தலைவர் மறைந்த பிறகு அடுத்தவரைத் தேடும் முறைகளில் வெபர் காட்டும் ஓர் உதாரணம் தலாய் லாமா: அடையாளங்களை வைத்து ஒரு குழந்தையைத் தேடிக் கண்டுபிடிப்பது. இப்போதைய தலாய் லாமா 1935-இல் பிறந்தவர், அவரை அடையாளம் கண்டபோது அவருக்கு இரண்டு வயது. இரண்டு வயதுக் குழந்தை எதையும் சாதித்துக் காட்டியிருக்க முடியாது. அருள் அந்த இடத்தில் ஆளைவிட்டு முறைக்குள் நுழைந்துவிட்டது.

மூன்றாவது சட்ட–பகுத்தறிவு அதிகாரம். இங்கே கீழ்ப்படிவது நாற்காலிக்கு. வி.ஏ.ஓ.வுக்கு மாறுதல் வந்தால் முத்திரை ஆபீஸிலேயே இருக்கும், அடுத்து வருபவர் குத்துவார். பதவி வேறு, வீடு வேறு. ஆபீஸ் சொத்து அலுவலரின் சொத்தல்ல, அவருக்குச் சம்பளம்தான். வெபர் நவீன அதிகார வர்க்கத்துக்குச் சொன்ன முக்கிய அடையாளம் இது. கணக்கு நோட்டு மரப்பெட்டியை விட்டு ஆபீஸ் பீரோவுக்குப் போனது சின்ன விஷயம் இல்லை.

இதில் ஆள்பவரும் விதிக்குள் அடக்கம். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, ரேபரேலியில் இந்திரா காந்தி 1971-இல் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். அதற்கு முன், பிரதமரே அந்த நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சியம் சொல்லியிருந்தார். நாட்டின் மிகச் செல்வாக்கான தலைவரைவிட அந்த மேசைக்குப் பின்னால் இருந்த பதவி அன்றைக்குப் பெரிதாக இருந்தது. அடுத்து நடந்ததையும் பாருங்கள். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. அதுவும் அரசமைப்பின் 352-ஆவது பிரிவின்கீழ், குடியரசுத் தலைவரின் கையெழுத்தோடு. உரிமைகளை முடக்கும்போதும் சட்டத்தின் காகிதம் தேவைப்பட்டது. இந்த வகை அதிகாரத்தின் பலமாகவும் ஓட்டையாகவும் நான் பார்ப்பது அதைத்தான். காகிதம் சரியாக இருந்தால் போதும் என்று ஆகிவிடலாம்.

பரீட்சைக்கு ஒரு எச்சரிக்கை. இவை மூன்றும் வெபர் புரிதலுக்காகச் செதுக்கிய தூய வடிவங்கள். நிஜத்தில் எதுவும் தனியாகக் கிடைக்காது. இந்திரா நேருவின் மகள், கூட்டத்தை ஈர்த்த தலைவர், தேர்தலில் வென்ற பிரதமர். மூன்றும் ஒரே ஆள். "எந்த வகை?" என்று கேள்வி வந்தால் ஒரே சொல்லில் முடிக்காதீர்கள், எந்த நேரத்தில் எது முன்னால் நின்றது என்று எழுதுங்கள்.

வியாழக்கிழமை வகுப்புக்கு ஒரு பக்கம் எழுதி வாருங்கள். எங்கள் ஊரில் வி.ஏ.ஓ. வந்த பிறகும் பல வருடம், அவரிடம் மனு கொடுக்கும் முன் ஆட்கள் அந்தப் பழைய கணக்கப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனார்கள். பதவி இல்லை, முத்திரை இல்லை, நோட்டும் இல்லை. அந்தத் திண்ணையில் மிச்சம் இருந்தது எந்த வகை?