திருத்திய விலைக்கூறல்: கொக்குவில் வீட்டுப் பின்பக்கக் குசினியும் குளியலறையும்

திகதி: 2025.06.09

மதிப்புக்குரிய ரீச்சர்,

மே மாதம் நான் தந்த ஒற்றைத்தாள் கொட்டேசனை உங்கள் மகள் லண்டனில் இருந்து வாசித்துவிட்டுப் பதினொரு கேள்வி அனுப்பியிருந்தா. அதில் ஏழு நியாயமான கேள்வி. மற்ற நாலுக்கும் பதில் என் தலைக்குள் இருந்ததே தவிர தாளில் இல்லை, ஆகவே அதுவும் என் பிழைதான். மொத்தத் தொகை மாறவில்லை. அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை இப்போது விரித்து எழுதியிருக்கிறேன். பழைய தாளைக் கிழித்துவிடலாம், இனி இதுதான் கணக்கு.

செய்யப்போகும் வேலை

குசினி 12 அடிக்கு 10 அடி, குளியலறை 8 அடிக்கு 6 அடி. இரண்டும் சுவரின் உட்புறம் நாடா பிடித்து அளக்கிற அளவு. பழைய தாளில் அதைச் சொல்லவில்லை. வெளி அளவாக எடுத்தால் ஆறு அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் தின்று, குசினி உள்ளே 11 அடிக்கு 9 அடியாகத்தான் நிற்கும். சுவர் உயரம் நிலத்தில் இருந்து 10 அடி.

குசினிக்கு ஓட்டுக் கூரை. குளியலறைக்கு 5 அங்குலக் கொங்கிறீற் தட்டு. அதன்மேல் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி வரும். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன் நிறை என்பதால் கம்பியை அதற்கேற்பப் போட்டிருக்கிறேன். தாங்கியை நீங்கள் வாங்கித் தரவேண்டும், ஏற்றிப் பூட்டுவது எங்கள் வேலை.

பழைய பின்கதவின் நிலையையும் கதவையும் கழற்றிப் புதுக் குசினியின் வெளிவாசலில் பூட்டித் தருவோம். அது நல்ல பாலை மரம், புதிது வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளியலறைக்கு பிளாஸ்ரிக் கதவு. குசினிக்கு 4 அடிக்கு 4 அடி அலுமினியம் ஜன்னல் ஒன்று.

மலசலத் தண்ணீர் 22 அடி குழாய் வழியாக இப்போதுள்ள குழிக்குப் போகும். குசினித் தண்ணீர் வாழைப் பாத்திக்கு. கிணற்றுப் பக்கம் எந்தக் கழிவுக் குழாயும் போகாது. எங்கள் நிலத்துக் கீழே சுண்ணாம்புக் கல், விட்ட தண்ணீர் வடிபடாமலே கிணற்றுக்கு வந்துவிடும்.

மின்சாரத்துக்கு ஆறு இடம்: குசினியில் இரண்டு விளக்கு, இரண்டு பிளக், குளியலறையில் ஒரு விளக்கு, வெளியே ஒரு விளக்கு.

பொருட்கள்

முன்பு ‘தரமான சாமான்’ என்று எழுதியிருந்தேன். எது தரம் என்று பிறகு நாங்கள் இருவரும் வாசலில் நின்று வாதாட வேண்டாம்.

சீமெந்தும் முறுக்குக் கம்பியும் எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளவை. சுவருக்கு 6 அங்குலச் சீமெந்துக் கல். கட்டுக்கும் பூச்சுக்கும் ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல். கொங்கிறீற் 1:2:4, முக்கால் சல்லி. பீமுக்கு 12 மில்லிமீற்றர் கம்பி நாலு, 6 அங்குலத்துக்கு ஒரு வளையம். தட்டுக்கு 10 மில்லிமீற்றர் கம்பி இரண்டு பக்கமும் 6 அங்குல இடைவெளியில். கொங்கிறீற் கொட்டும் முன் கம்பியைப் படம் எடுத்து மகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். கொட்டிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. தட்டுக்கு அடித்த பலகையை 14 நாள் கழியாமல் கழற்ற மாட்டோம், எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

கழுவாத கடற்கரை மணல் ஒரு வாளிகூட வராது. உப்பு கம்பியைத் தின்னும், பூச்சும் பொரிந்து விழும்.

கூரைக்குப் பனஞ்சிலாகை, பழைய வீட்டோடு சேரும் தட்டை ஓடு. நிலத்துக்கும் குளியலறைச் சுவருக்கும் (7 அடி உயரம் வரை) ரைல்ஸ்: சதுர அடி 300 ரூபா வரை என் கணக்கில். கடையில் 380 ரூபாவுக்கு ஒன்று பிடித்தால் மேலதிக 80 ரூபா உங்களுடையது. 250க்கு எடுத்தால் மிச்ச 50 ரூபாவைக் கழித்துத் தருவேன்.

இந்த விலையில் சேராதவை

பழைய தாளில் ‘சுற்றுப்புற வேலைகள் உட்பட’ என்றொரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டேன். அதை வைத்து மதில் கட்டித் தரச் சொன்னாலும் என்னால் மறுக்க முடியாது.

பிளான் கீறுவதும் நல்லூர்ப் பிரதேச சபை அனுமதியும் கட்டணமும் உங்கள் பக்கம். அனுமதி கைக்கு வராமல் அத்திவாரம் வெட்ட மாட்டேன். புதிய மலக்குழி, குசினி அலுமாரிகள், சீலிங், கிணற்றடிச் சீமெந்து, முருங்கை மரம் தறிப்பது எதுவும் இதில் இல்லை. சுவருக்கு அடிப்பூச்சு மட்டும் அடிப்போம், நிறப் பெயின்ற் இல்லை. வேலைக்கான தண்ணீரும் கறன்ரும் உங்கள் வீட்டில் இருந்து.

அத்திவாரம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டரை அடி ஆழம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஒன்றரை அடியிலேயே உறுதியான பாறை தட்டினால் அதன்மேலேயே எழுப்புவோம், வெட்டாத ஆழத்துக்குக் காசு கழிப்பேன். பாறைக்குள் பொந்து இருந்தால் அதைக் கொங்கிறீற் போட்டு அடைத்தே ஆகவேண்டும். அது கன அடிக்கு 850 ரூபா மேலதிகம். உங்களைக் கூப்பிட்டுக் காட்டி, அளந்து எழுதிய பிறகுதான் அடைப்போம்.

விலையும் காசு கட்டும் முறையும்

குசினி 1,040,000 ரூபா. குளியலறை 560,000 ரூபா. குழாய், வயர் வேலை 140,000 ரூபா. மொத்தம் 1,740,000 ரூபா. வேலை முடியும்வரை சீமெந்து, கம்பி விலை ஏறினால் அது என் தலையோடு.

1. ஒப்பம் வைத்ததும், முதல் லோட் கல், சீமெந்து, கம்பிக்கு: 300,000
2. அத்திவாரமும் நில பீமும் முடிந்ததும்: 350,000
3. சுவர் எழும்பி, ஜன்னலுக்கு மேல் பீம் கொட்டியதும்: 350,000
4. தட்டுக் கொட்டி, ஓடு போட்டதும்: 340,000
5. பூச்சு, ரைல்ஸ், குழாய், வயர் முடிந்ததும்: 250,000
6. துப்புரவாக்கிச் சாவி தரும் நாள்: 90,000
7. மாரி மழை ஒன்று கழிந்து, தைப்பொங்கலுக்குப் பிறகு: 60,000

கடைசி 60,000 உங்கள் கையில் நிற்கட்டும். ஒழுக்கு, வெடிப்பு, ரைல்ஸ் கழன்றது என்று ஏதும் இருந்தால் இலவசமாகத் திருத்திவிட்டுத்தான் அதைக் கேட்பேன். ஒரு கட்டம் முடியாமல் அடுத்த காசு கேட்டால் தரவேண்டாம். முடிந்த பிறகு ஐந்து நாளுக்குமேல் காசு தாமதித்தால் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பவேண்டி வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காசு என்னிடம் மட்டும், பற்றுச்சீட்டோடு. மேசன்மார் கையில் கொடுப்பது என் கணக்கில் வராது.

நாள்

ஆடி பிறக்கும் முன் கல் வைக்கவேண்டும் என்றீர்கள். அனுமதி வந்துவிட்டால் ஜூன் 23, திங்கட்கிழமை தொடங்கி செப்டெம்பர் 13க்குள் முடிப்போம். நல்லூர்த் தேருக்கும் தீர்த்தத்துக்கும் வேலை இல்லை, அந்த நாட்களையும் சேர்த்துத்தான் கணக்கு. மழையால் நின்ற நாட்கள் மட்டும் மேலதிகமாகக் கூடும்.

இடையில் ஏதும் மாற்றவேண்டுமென்றால் மேசனிடம் வாயால் சொல்லவேண்டாம் ரீச்சர். எனக்கு எழுதி அனுப்புங்கள். கூடுவதையோ குறைவதையோ நான் எழுத்தில் சொல்லி, நீங்கள் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகே செய்வோம்.

இந்த விலை ஜூலை 9 வரை செல்லும். இரண்டு பிரதியிலும் நான் ஒப்பம் வைத்திருக்கிறேன். மகளும் ஒருமுறை வாசித்த பிறகு ஒன்றில் ஒப்பம் வைத்துத் தாருங்கள், மற்றது உங்களிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒப்பந்தகாரர், கொக்குவில்