பொருள்: நவம்பர் 1 முதல் சேல்ஸ் எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுபோவது குறித்து

திண்டுக்கல்
05.11.2025

ஆதரவுப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரை எங்கள் மளிகை மொத்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தி வருகிறோம். அக்டோபர் 31 வெள்ளி இரவு உங்கள் தரப்பிலிருந்து ஒரு அப்டேட் வந்தது. மறுநாளிலிருந்து, தினமும் இரவு 11 மணிக்குத் தானாக ஓடும் சேல்ஸ் எக்ஸ்போர்ட் முழுதாக வருவதில்லை. திங்கட்கிழமையே உங்கள் ஹெல்ப்டெஸ்க்கில் புகார் பதிவு செய்தோம். நேற்று வந்த பதில் எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. அதனால்தான் உங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை போட்ட பில்கள் மொத்தம் 86. ஞாயிறு விடுமுறை என்பதால் அந்தச் சரக்கு திங்கள் காலையில் லைனுக்குப் போகும். எந்த வண்டியில் எந்தக் கடைச் சரக்கு என்ற லோடு ஷீட்டை `sales_daily.csv` ஃபைலை வைத்துத்தான் எடுக்கிறோம். அந்த ஃபைலில் இருந்தது 37 பில்கள் மட்டுமே. எக்ஸ்போர்ட் பக்கத்தில் பச்சை டிக்கும் 'Completed' என்ற வார்த்தையும் இருந்ததால் குடோனில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வண்டிகள் பாதிச் சரக்கோடு கிளம்பிவிட்டன. பதினொரு மணிக்கு மேல் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்த பிறகுதான், மீதி 49 பில்களின் சரக்கு குடோனிலேயே கிடப்பது தெரிந்தது. மறுபடி வண்டி அனுப்பிய டீசல் செலவை நான் பெரிதாகச் சொல்லவில்லை. 'பில் வந்துருச்சு, சரக்கு எங்கே?' என்று பல வருடமாக வாங்கும் கடைக்காரர் கேட்டால் எங்களால் என்ன பதில் சொல்ல முடியும்?

காரணம் என்னவென்று நாங்களே தேடிப் பார்த்தோம். எக்ஸ்போர்ட் ஹிஸ்டரியில் சனிக்கிழமை பதிவைத் திறந்து, விவரம் என்ற இடத்தில் கடைசி வரை கீழே போனால் இப்படி இருக்கிறது:

```
row: DG/2526/14118,01-11-2025,முருகன் ஸ்டோர்ஸ்
UnicodeEncodeError: 'charmap' codec can't encode characters
in position 25-31: character maps to <undefined>
```

அன்றைய முதல் பில் 14081. ஃபைலில் கடைசியாக இருப்பது 14117. அடுத்த பில்லில்தான் பார்ட்டி பெயர் தமிழில் இருக்கிறது. பிழைச் செய்தி சொல்லும் 25 முதல் 31 வரையிலான இடங்களை எண்ணிப் பாருங்கள். 'முருகன்' என்ற சொல் சரியாக அங்கேதான் வருகிறது. சோதனைக்காக, டெஸ்ட் கம்பெனியில் அந்த ஒரு பெயரை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றி எக்ஸ்போர்ட் ஓட்டினோம். அந்த பில்லைத் தாண்டிப் போய், அடுத்த தமிழ்ப் பெயர் வந்த இடத்தில் அதே செய்தியோடு நின்றது. இன்னொன்றும் கவனித்தோம். செப்டம்பரில் ஆடிட்டருக்கு அனுப்பிய பழைய ஃபைல் UTF-8-இல் இருக்கிறது, தொடக்கத்தில் EF BB BF என்ற மூன்று பைட்டும் உண்டு. எக்செலில் தமிழ் ஒழுங்காகத் திறக்கும். இப்போது வரும் ஃபைலில் அந்த மூன்று பைட் இல்லை. அப்டேட்டில் ஃபைல் எழுதும் இடத்தில் என்கோடிங் குறிப்பிடுவது விட்டுப்போய், சர்வரின் இயல்பான விண்டோஸ் என்கோடிங்கில் எழுதப்படுகிறது என்பது எங்கள் கணிப்பு. சரிதானா என்பதை உங்கள் டெவலப்பர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

இவ்வளவையும் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பியதற்கு ஹெல்ப்டெஸ்க் தந்த பதில்: 'பார்ட்டி பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.' எங்கள் மாஸ்டரில் 740 பார்ட்டிகள், அவற்றில் 261 பெயர்கள் தமிழில். குடோனில் மூட்டை எடுத்து வைப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் தமிழில்தான் படிக்கிறார்கள். அதற்காகவே அப்படிப் பதிந்தோம். பதிந்து கொடுத்ததும் உங்கள் ஆட்கள்தான். டெமோவில் தமிழில் பில் அடித்துக் காட்டிவிட்டுத்தான் இந்த சாஃப்ட்வேரை எங்களுக்கு விற்றீர்கள். வருடத்தின் நடுவில் லெட்ஜர் பெயர்களை மாற்றி, நிலுவைப் பட்டியலிலும் ரசீதிலும் குழப்பம் உண்டாக்க நாங்கள் தயாராக இல்லை.

அடுத்து ஜிஎஸ்டி. அக்டோபர் மாத விற்பனைப் பதிவேட்டை எடுத்தால் ஐந்தே பில் வருகிறது. இருக்க வேண்டியது இரண்டாயிரத்துக்கு மேல். எங்கள் விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பதால் இ-இன்வாய்ஸ் கிடையாது, போர்ட்டலில் எதுவும் தானாக நிரம்பாது. நாங்கள் மாதாந்திரத் தாக்கல் செய்பவர்கள். ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11-ஆம் தேதி. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், அதைக் கட்டிவிடலாம். ஆனால் 11-க்குள் நாங்கள் தாக்கல் செய்யாவிட்டால் 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் எங்கள் பில்கள் வராது. எங்களிடம் வாங்கிய கடைக்காரர்களுக்கு அந்த மாத உள்ளீட்டு வரி வரவு தள்ளிப்போகும். அவர்கள் கைக்காசைப் போட்டு வரி கட்ட நேர்ந்தால் கோபம் எங்கள் மேல்தான் வரும், உங்கள் மேல் அல்ல. செப்டம்பர் 22-இல் வரி விகிதம் மாறிய பிறகு முழுதாக வரும் முதல் மாதம் இது என்பதால், ஒவ்வொரு பில்லையும் சரிபார்க்க ஆடிட்டர் கூடுதல் நேரம் கேட்டிருக்கிறார். பிடிஎஃப் நன்றாகத்தான் வருகிறது. அதைப் பார்த்து இரண்டாயிரம் பில்லைத் தட்டச்சு செய்ய ஆள் இல்லை. அப்படிச் செய்தால் தப்பு வராமலும் இருக்காது.

ஆகவே, அக்டோபர் 1 முதல் 31 வரையிலான விற்பனைப் பதிவேட்டை உங்கள் டேட்டாபேஸிலிருந்து நேரடியாக எடுத்து, UTF-8 CSV-ஆக நாளை மாலைக்குள் அனுப்பிவையுங்கள். பழைய ஃபைலில் இருந்த அதே column வரிசையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆடிட்டரின் டெம்ப்ளேட்டில் ஏறாது. எக்ஸ்போர்ட்டை வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து தாருங்கள். உடனே முடியாதென்றால் எங்கள் கணக்கை மட்டுமாவது அப்டேட்டுக்கு முந்தைய பதிப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

என்கோடிங்கைச் சரிசெய்வதோடு விஷயத்தை முடித்துவிட வேண்டாம். ஃபைல் அரைகுறையாக நின்றபோதும் திரை 'Completed' என்றுதான் காட்டியது. அப்புறம், அந்த அரைகுறை ஃபைல் முந்தைய நாளின் நல்ல ஃபைலின் மேலேயே எழுதப்பட்டு அதையும் அழித்துவிட்டது. வேறொரு பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகு பழையதை மாற்றும்படி செய்யுங்கள். போட்டது எத்தனை பில், ஃபைலில் இருப்பது எத்தனை பில் என்று இரண்டு எண்ணிக்கையையும் திரையில் காட்டுங்கள். அவை ஒத்துப்போகாவிட்டால் சிவப்பில் காட்டி, எங்களுக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். இதற்கு ஒரு தேதி சொல்லுங்கள். இந்த வாரமே வேண்டும் என்று கேட்கவில்லை.

இதெல்லாம் சரியாகும் வரை எங்கள் லோடு ஷீட்டை திரையைப் பார்த்துக் கையால் எழுதுகிறோம். பில்லிங்கில் இருக்கும் இருவரும் இரவு ஒன்பதரை வரை உட்கார வேண்டியிருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தப் புதுப்பிப்பு டிசம்பரில் வருகிறது. இந்த நாட்களுக்கான கட்டணத்தைக் கழித்துத் தருவது பற்றி அப்போது பேசலாம். இப்போதைக்கு எங்களுக்கு வேண்டியது டேட்டா.

உங்கள் டெவலப்பர் யாராவது ஒருவரை நாளை காலை 10 மணிக்குப் போனில் வரச் சொல்லுங்கள். டெஸ்ட் கம்பெனியைத் திறந்து வைத்திருப்போம். பிழை எப்படி வருகிறது என்பதை அவர் கண்முன்னே ஓட்டிக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ச. கண்ணன்
செயல்பாட்டு மேலாளர்

இணைப்பு: சனிக்கிழமை எக்ஸ்போர்ட் ஃபைல், பிழைச் செய்தி ஸ்கிரீன்ஷாட், செப்டம்பர் மாதப் பழைய ஃபைல், ஹெல்ப்டெஸ்க் பதில்
நகல்: எங்கள் ஆடிட்டர்